ஓடிபி வேண்டாம், விரல் வைத்தால் போதும் என்கிறது கார்டு: சரி என்று சொல்லலாமா?

மல்லிகைப்பந்தல்:
மளிகைக்கு 1,840 ரூபாய் கட்டப் போனேன். கார்டு ஏற்கெனவே அந்தக் கடையில் பதிவாகியிருக்கிறது. ஓடிபி போட்டு முடித்ததும், ‘அடுத்த முறை ஓடிபிக்குப் பதில் விரல் வைத்து, பாஸ்கீயால் கட்டலாம், உருவாக்கவா?’ என்று கேட்டது. பயந்துபோய் ‘பிறகு’ என்று அழுத்திவிட்டேன். ஓடிபிதானே நமக்குக் காவல்? அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

குமரன்77:
தைரியமாகப் போடுங்கள் அக்கா. உங்கள் கைரேகை வங்கிக்குப் போய்விடும், அப்புறம் எவனாலும் உங்கள் கார்டைத் தொட முடியாது. 2026 ஏப்ரலோடு ஓடிபிக்கே தடை போட்டாயிற்று.

பழைய பேரேடு:
கைரேகை வங்கிக்குப் போகிறது என்றால் நான் போடவே மாட்டேன். பாஸ்வேர்டு திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை எப்படி மாற்றுவது? ஆன்லைன் கார்டுக்கு இரண்டாவது சோதனை வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் சொன்னபோது நான் வேலையில் இருந்தேன். முதலில் தனியாக ஒரு பாஸ்வேர்டு வைத்தார்கள், ஜனங்கள் மறந்தார்கள். பிறகு ஓடிபி வந்தது. ஒவ்வொரு முறையும் ‘இதுதான் கடைசி மருந்து’ என்றுதான் சொன்னார்கள்.

சாவிக்கொத்து:
இரண்டு பேருக்குமே ஒரு திருத்தம். விரல் போனை விட்டு எங்கும் போகாது. தடையும் இல்லை. ஏப்ரல் 2026 முதல் நடைமுறைக்கு வந்த விதி, இரண்டு விதமான சோதனை வேண்டும், அதில் ஒன்றாவது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிதாக உருவாக வேண்டும் என்கிறது. ஓடிபியும் அதில் தேறும். பாஸ்கீயும் தேறும். கார்டுக்கு இதை மாஸ்டர்கார்டு முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான், 2024 ஆகஸ்டில்.

நான் பணம் வாங்கித் தரும் கேட்வே பக்கம் வேலை செய்கிறவன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நீங்கள் ‘உருவாக்கு’ என்றதும் போன் ஒரு ஜோடிச் சாவி செய்கிறது. ஒன்று உங்களிடமே இருக்கும், மற்றது கார்டு நிறுவனத்திடமோ வங்கியிடமோ போகும். அடுத்த முறை கட்டும்போது அவர்கள் ஒரு புதிய எண்ணை அனுப்புவார்கள். போன் அதில் உங்கள் சாவியால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். விரல் வைப்பது அந்தச் சாவி இருக்கும் பெட்டியைத் திறக்க மட்டும். ஆகவே, அக்கா, போன் கையில் இருக்க வேண்டும், அதைத் திறக்க விரலோ பின்னோ தெரிய வேண்டும். இரண்டு சோதனை ஒரே தொடுதலில் முடிகிறது.

பழைய பேரேடு:
சரி, விரல் போகவில்லை. ஆனால் ஓடிபியை நான் யாரிடமும் சொல்லாதவரை அதில் என்ன குறை?

சாவிக்கொத்து:
‘சொல்லாதவரை’ என்பதில்தான் குறை, சார். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். கேஸ் இணைப்பைப் புதுப்பிக்க 12 ரூபாய் கட்டச் சொல்லி ஒருவருக்கு லிங்க் வந்தது. பக்கம் அசலாகவே இருந்தது. கார்டு விவரம் போட்டார். அதே நிமிடத்தில் மறுமுனையில் இருந்தவன் அந்த விவரத்தை வைத்து ஒரு கடையில் 48,000 ரூபாய்க்குப் போன் வாங்கப் போனான். வங்கி ஓடிபி அனுப்பியது. எஸ்எம்எஸ்ஸில் 48,000 என்று எழுதியே இருந்தது. நாம் யார் அதைப் படிக்கிறோம்? ஆறு எண்ணைப் பார்த்தார், பக்கத்தில் போட்டார், பணம் போய்விட்டது. அவர் யாரிடமும் ‘சொல்லவில்லை’.

இதே இடத்தில் பாஸ்கீ மட்டும் இருந்தால்? வங்கி, திருடனின் பிரவுசரிடம் கையெழுத்து கேட்கும். அவனிடம் சாவி இல்லை. நம்மவரிடம் படித்துச் சொல்ல எண்ணும் இல்லை. போலிப் பக்கம் அவருடைய போனிடமே அந்தச் சாவியைக் கேட்டுப் பார்த்தாலும், எந்த முகவரிக்காகச் செய்த சாவி என்று பிரவுசர் பார்க்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தராது. மனிதனின் கண்ணை ஏமாற்றும் முகவரி அங்கே எடுபடாது.

பழைய பேரேடு:
நீங்களே ‘பாஸ்கீ மட்டும் இருந்தால்’ என்கிறீர்கள், தம்பி. மல்லிகை அம்மா சொன்னதைப் பாருங்கள்: ஓடிபி போட்ட *பிறகு*தான் பாஸ்கீ உருவாக்கவா என்று கேட்டிருக்கிறது. அப்படியானால் அந்தத் திருடன், கறந்த ஓடிபியை வைத்துத் *தன்* போனில் பாஸ்கீ செய்துகொண்டால்? முன்பு ஒரு தடவை திருடியவன், இனி ஓடிபியே இல்லாமல் மாதாமாதம் திருடுவானே!

குமரன்77:
அதெல்லாம் வங்கி விடாது சார்.

சாவிக்கொத்து:
விடும், குமரன். சார் கை வைத்தது சரியான ஓட்டையில். பதிவு செய்யும் நேரம்தான் இதில் பலவீனம். புதுப் போனில் பதிவானால் உடனே எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பலாம், முதல் ஓரிரு நாளுக்குத் தொகையைக் கட்டுப்படுத்தலாம். எல்லோரும் செய்கிறார்களா என்றால் நான் கையை விரிப்பேன். நீங்கள் செய்யாத பாஸ்கீ உருவானதாகச் செய்தி வந்தால், எதுவும் யோசிக்காமல் கார்டை முடக்குங்கள்.

இன்னொரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். ‘வேறு வழியில் முயல்க’ என்று கீழே ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் மறுபடி ஓடிபி. போன் தொலைந்தவர்களுக்காக வைத்தது. திருடனும் அதைத்தான் தொடுவான். எங்கள் தெருக்காரர் கதையில் இன்றைக்கு அவன் செய்வது அதுவாகவே இருக்கும்.

தேனிராணி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் போனில் என் பையன் விரலையும் பதிந்து வைத்திருக்கிறேன், யூடியூப் பார்க்க. அவன் ஆறாவது படிக்கிறான். பாஸ்கீ வைத்தால் அவன் விரலுக்கும் பணம் போகுமா?

சாவிக்கொத்து:
போகும், அக்கா. போனில் பதிந்த எந்த விரலும் பெட்டியைத் திறக்கும், யாருடையது என்று வங்கிக்குத் தெரியாது. பின் தெரிந்தாலும் திறக்கும். 1234 வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பல வங்கி ஆப்கள் புது விரல் சேர்ந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்கீயில் அதை நம்பி இருக்காதீர்கள்.

மல்லிகைப்பந்தல்:
எனக்கு இன்னொரு பயம். ஓடிபியில் தொகை எழுதி வரும். விரல் கேட்கும்போது எவ்வளவு என்று தெரியுமா?

சாவிக்கொத்து:
நல்ல கேள்வி. சாதாரண விரல் கேட்கும் பெட்டியில் தொகை வராது, அதற்குப் பின்னால் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கும். இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதில் கடைப்பெயர், தொகை, கார்டு மூன்றையும் பிரவுசரே தன் பெட்டியில் காட்டும், அந்தத் தொகையும் சேர்த்தே கையெழுத்தாகும். அப்புறம் எவனும் 12-ஐ 48,000 ஆக்க முடியாது. ஆனால் எல்லாப் பிரவுசரிலும் இது கிடையாது. தொகை கண்ணில் படாவிட்டால் விரலை எடுத்துவிடுங்கள்.

பழைய பேரேடு:
கடைசியாக ஒன்று. 2017-ல் வந்த விதிப்படி, வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. ‘ஓடிபியைக் கொடுத்தீர்களே’ என்பார்கள், நாமும் ஏமாற்றப்பட்டோம் என்று வாதாடுவோம். நாளைக்கு ‘உங்கள் போன், உங்கள் விரல், உங்கள் கையெழுத்து’ என்று ஒரு பதிவை எடுத்துப் போடுவார்களே? போலீஸ் என்று மிரட்டி, வீடியோவில் உட்கார வைத்து விரலை வைக்கச் சொன்னால்?

சாவிக்கொத்து:
மிரட்டிக் கட்ட வைப்பதைப் பாஸ்கீ தடுக்காது. பொருளே அனுப்பாத கடையையும் தடுக்காது. பதிவு விஷயத்தில் உங்களோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். எந்தப் போனில், எப்போது உருவான சாவி என்று பதிவில் இருக்கும். திருடன் போனில் உருவானதென்றால் அது நமக்குச் சாட்சி.

பழைய பேரேடு:
அந்தப் பதிவு வங்கியின் பெட்டியில் அல்லவா இருக்கிறது? கேட்டால் கொடுப்பார்களா என்று யாராவது எழுதிக் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை நான் ஓடிபிதான்.

தேனிராணி:
பையன் விரலை எடுத்துவிட்டேன். வீட்டில் இப்போது ஒரே ரகளை.