கடலுக்குக் கரை கொடுத்த பெயர்: எப்படிச் சொல்லலாம்?

அமுதா எழுதியது:

நண்பர்களே, வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான நிலவரைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கடல்களுக்குப் பெயர் வந்த கதைக்கு அதில் ஓர் அத்தியாயம் உண்டு. கடலின் பெயர் எதுவானாலும் மூலத்தில் 'பெலகோனிம்' என்கிறார்கள். அதற்குக் 'கடற்பெயர்' போதும். சிக்கல் அடுத்த படியில்தான். பக்கத்து நிலத்திடமோ அங்கே வாழ்ந்த மக்களிடமோ பெயர் வாங்கிக்கொண்ட கடல்களைத் தனி வகையாகப் பிரிக்கிறார்கள். அரபிக்கடல், ஏட்ரியாட்டிக் கடல், கரீபியன் கடல் எல்லாம் அந்த வகை. இதற்கு மூலத்திலேயே ஒற்றைச் சொல் இல்லை, ஒவ்வொரு முறையும் நீட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத இடமில்லை. 'கரைப்பெயர்' என்று வைத்திருக்கிறேன். சரியாக வருமா?

சுந்தரம் எழுதியது:

வாயகன்று விரிந்து கிடந்தால் விரிகுடா, நிலம் வளைத்துக்கொண்டால் வளைகுடா. பாடநூல்களில் இப்படித்தான் இருக்கிறது. இதில் குழப்பமே இல்லையே அம்மா?

அமுதா எழுதியது:

ஐயா, குடாவின் வடிவத்தை நான் கேட்கவில்லை. 'வங்காள விரிகுடா'வில் 'வங்காள' எங்கிருந்து வந்தது என்கிற வகைப் பெயருக்குத்தான் சொல் தேடுகிறேன்.

இராகவன் எழுதியது:

புதுச்சொல் எதற்கு? நன்னூலிலேயே இருக்கிறது: இடவாகுபெயர். இடத்தின் பெயர் கடலுக்கு ஆகி வந்திருக்கிறது, அவ்வளவுதான். தவிர, 'கரைப்பெயர்' என்றால் கரையின் பெயர் என்றல்லவா படுகிறது? சோழமண்டலக் கரை, மலபார்க் கரை என்பவைதான் என் காதில் கரைப்பெயர்கள். இந்தக் கடற்பெயர்களை எல்லாம் ஐரோப்பிய மாலுமிகள் தங்கள் வசதிக்கு ஒட்டிவிட்டுப் போனார்கள் என்பதையும் கையேட்டில் மறக்காமல் சொல்லுங்கள்.

கனகசபை எழுதியது:

இராகவனின் இரண்டாவது குறை சரி. 'கரைப்பெயர்' இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

ஆகுபெயரில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஆகுபெயர் என்றால் ஒன்றின் பெயர் தனியே நின்று, அதனோடு தொடர்புடைய இன்னொன்றைக் குறிக்க வேண்டும். 'ஊர் சிரித்தது' என்றால் சிரித்தவர்கள் ஊரார். 'அரபிக்கடல்' அப்படி இல்லை, கடல் என்ற சொல் வெளிப்படையாகவே நிற்கிறது. இது தொகை.

ஆனால் கிரேக்கர்களைப் பார்த்தால் இராகவன் பிழைத்துக்கொள்வார். அவர்கள் 'கடல்' என்று சேர்க்காமலே ஏட்ரியாட்டிக்கை 'அத்ரியாஸ்' என்று சொல்லியிருக்கிறார்கள். அது ஆகுபெயரேதான். அந்தப் பெயர் வடக்கு இத்தாலியின் ஆத்ரியா என்ற துறைமுக ஊரிலிருந்து வந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அவர் கணக்கில் அது எத்ரூசியர்கள் குடியேறிய ஊர். கிரேக்க வணிகர்களும் அங்கே இருந்தார்கள். வடக்கே போகும் கப்பலுக்கு முக்கியம் போய்ச் சேரும் துறைதான், அதனால் அந்தத் துறைக்குப் போகும் நீரும் அதன் பெயரிலேயே ஆனது. பிறகு பெயர் தெற்கே வழிந்தது. விவிலியத்தில் பவுலின் கப்பல் புயலில் அலைக்கழிந்து மால்ட்டாவில் கரைதட்டுகிறதே, அந்தக் கடலுக்கும் அங்கே இதே பெயர்தான். இன்றைய ஏட்ரியாட்டிக்குக்குள் மால்ட்டா வராது.

இப்போது அமுதாவின் சொல்லுக்கு வரும் வம்பைப் பாருங்கள். ஆத்ரியா போ ஆற்றுக்கும் அடிஜே ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தள்ளிக்கொண்டே போயின. போதாக்குறைக்கு, தங்கள் காயல் தூர்ந்துவிடும் என்று பயந்த வெனிஸ்காரர்கள் 1604-இல் வாய்க்கால் வெட்டி முடித்துப் போவின் முகத்தைத் தெற்கே திருப்பினார்கள். புது வாயில் கழிமுகம் இன்னும் வேகமாக வளர்ந்தது. இன்று ஆத்ரியாவிலிருந்து கடலைப் பார்க்க 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பெயர் கொடுத்த ஊருக்கே கரை இல்லை. அதை எப்படிக் 'கரைப்பெயர்' என்பீர்கள்?

அமுதா எழுதியது:

பெயர் வைத்தபோது கரையில் இருந்தது, அது போதாதா ஐயா? கையேட்டில் பெயர் பிறந்த நேரத்தைத்தான் பேசுகிறோம்.

கனகசபை எழுதியது:

போதும், விட்டுவிடுகிறேன். ஆனால் 'ஐரோப்பிய மாலுமிகள்' என்று இராகவன் சொன்னதை விட மாட்டேன். 851-இல் எழுதப்பட்ட அரபு வணிகர்களின் பயணக் குறிப்பு ஒன்று இருக்கிறது. நாம் அரபிக்கடல் என்று சொல்லும் நீரை அது 'லார்வி கடல்' என்கிறது. லார் என்பது நம் பக்கத்து லாட நாடு, இன்றைய தெற்கு குஜராத்தை ஒட்டிய பகுதி. வங்காள விரிகுடாவுக்கு அங்கே 'ஹர்கந்த் கடல்' என்று பெயர். அதாவது அரபுக் கரையிலிருந்து புறப்பட்டவர், கடலைத் தான் போய் இறங்கும் நாட்டின் பெயரால் அழைத்திருக்கிறார். அவருக்கு அது எப்படி அரபிக்கடல் ஆகும்? அவர் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறதே!

ஆகவே கேட்க வேண்டியது எந்தக் கரை என்பது மட்டுமில்லை, யாருக்கு எதிரில் இருந்த கரை என்பதும்தான். 'எதிர்கரைப்பெயர்' என்று ஓர் உட்பிரிவு வைக்கலாம் என்பது என் கட்சி. எல்லாக் கடலுக்கும் அது பொருந்தாது. ஆனால் பொருந்தும் இடத்தில் பெயர் வைத்தவர் எங்கே நின்றார் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மேரி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் பட்டது ஒன்று. ஜெர்மன் பயண நூல் ஒன்றை மொழிபெயர்த்தபோது 'ஓஸ்ட்சே' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'கிழக்குக்கடல்' என்று போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகும் வரை யாரும் கேட்கவில்லை. படித்த ஒருவர், சீனாவுக்கு எப்போது போனார்கள் என்று எழுதிக் கேட்டார். அது பால்டிக் கடல்!

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். ஃபின்லாந்துக்காரர்களும் அதைக் கிழக்குக்கடல் என்றுதான் சொல்கிறார்கள், 'இத்தாமெரி'. அவர்களுக்கு அது மேற்கிலும் தெற்கிலும் கிடக்கிறது! 1809 வரை ஸ்வீடனின் ஆட்சியில் இருந்த நாடு அது. ஸ்வீடிஷ் பெயரை அப்படியே தங்கள் மொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டார்கள். எதிரே இருக்கும் எஸ்தோனியர்களோ அதே நீரை 'லானெமெரி', மேற்குக்கடல் என்கிறார்கள். கனகசபை ஐயா சொல்லும் 'பெயர் வைத்தவர் நின்ற இடம்' திசைப்பெயரிலும் இருக்கிறது. ஃபின்லாந்து மாதிரி கடன் வாங்கினால் அது பொய்யும் சொல்லும்.

சுந்தரம் எழுதியது:

நம்மிடமும் குணகடல், குடகடல் உண்டே. பாக்கு நீரிணை எந்த வகை? அங்கே பாக்கு வணிகம் நடந்திருக்க வேண்டும்.

கனகசபை எழுதியது:

இல்லை ஐயா. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர் அது. நம் நாக்குக்கு வந்ததும் வெற்றிலைத் தட்டில் ஏறிவிட்டது. ஆள்பெயர், அமுதாவின் வகையில் சேராது.

இராகவன் எழுதியது:

லார்வி எனக்குப் புதிது. மாலுமிகளைத் திரும்பப் பெறுகிறேன். ஆகுபெயரை அத்ரியாஸோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சொல்லுக்கு வருவோம். தந்தையின் பெயரிலிருந்து வருவதைத் தந்தைவழிப் பெயர் என்கிறோம், அதைத் தந்தையின் பெயர் என்று யாரும் குழப்பிக்கொள்வதில்லை. அதே தடத்தில் 'கரைவழிப் பெயர்' என்றால் என்ன? கரையின் பெயர் வேறு, கரைவழியாக வந்த பெயர் வேறு என்று தானே விளங்கும்.

அமுதா எழுதியது:

கரைவழிப் பெயர் பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். 'எதிர்கரைப் பெயர்' லார்வி கதையோடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போகும். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

கரீபியன்தான் உதைக்கிறது. கரிப் என்பது மக்களின் பெயர். அதைக் 'குடிவழிப் பெயர்' என்று பிரிக்கலாமா?

கனகசபை எழுதியது:

குடிவழி என்றால் வம்சாவளி என்று ஏற்கெனவே புழங்குகிறது. கடலுக்குத் தாத்தா பாட்டி தேடப் போகிறார்கள்.

மேரி எழுதியது:

'இனவழி'?

இராகவன் எழுதியது:

'இனவழி' வேண்டாம், கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. அந்த மக்களும் கரையில்தானே இருந்தார்கள்? கரைவழியிலேயே சேர்த்துவிடுங்கள்.

கனகசபை எழுதியது:

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிலம் வேறு, மக்கள் வேறு. நாளை எழுதுகிறேன்.