நடுவில் வைத்தால் 4.49 வோல்ட்தான் வருகிறது, பாட் கெட்டுவிட்டதா?

நகரும்முள்:
10 கிலோ ஓம் லீனியர் ஸ்லைடு பாட், 100 மில்லிமீட்டர் ஓட்டம். ஒரு முனையில் 10 வோல்ட், மறுமுனை கிரவுண்டு. வைப்பரிலிருந்து என் போர்டுக்கு ஒயர் போகிறது. கீழ்முனையில் 0, மேல்முனையில் 10, இரண்டும் சரி. ஆனால் சரியாக நடுவில் வைத்தால் 5.00 வருவதற்குப் பதிலாக 4.49 வருகிறது. போர்டு ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் மட்டும் பார்த்தால் 5.00 வருகிறது. பாட் லீனியர் இல்லையா, அல்லது தேய்ந்துவிட்டதா?

காதுக்காரன்:
கடைக்காரர் லாக் பாட்டைக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையர் வால்யூமில் இந்த ஏமாற்று வேலையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பாட்டின் பின்பக்கம் A என்று இருக்கிறதா, B என்று இருக்கிறதா பாருங்கள்.

பழையசால்டர்:
காதுக்காரன் சார், லாக் பாட்டாக இருந்தால் நடுவில் ஒன்றரை வோல்ட் பக்கம்தான் காட்டும், நாலரையில் வந்து நிற்காது. அதைவிட முக்கியம், ஒயரைக் கழற்றினால் 5.00 வருகிறது என்று அவரே எழுதியிருக்கிறாரே. பாட்டின் வளைவு தப்பு என்றால் ஒயரைக் கழற்றினாலும் தப்பாகத்தான் இருக்கும்.

தம்பி, பாட் நன்றாகத்தான் இருக்கிறது. வைப்பர் நடுவில் இருக்கும்போது போர்டு பார்ப்பது வெறும் 5 வோல்ட் அல்ல, 2.5 கிலோ ஓம் வழியாக வரும் 5 வோல்ட். மேல்பாதி 5 கே, கீழ்ப்பாதி 5 கே, போர்டு பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் பேரலல். போர்டு கரண்ட் இழுத்தால் அந்த 2.5 கேயில் கொஞ்சம் வோல்ட் விழும். 0.51 வோல்ட் விழுந்திருக்கிறது, அதாவது 0.204 மில்லி ஆம்ப். 4.49 வோல்ட்டில் 0.204 மில்லி ஆம்ப் இழுக்கிற போர்டின் இன்புட் 22 கே. போர்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

நகரும்முள்:
அண்ணா, எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்! ஏடிசி 5 வோல்ட் வரைதான் தாங்கும் என்பதால் 10 வோல்ட்டைக் குறைக்க 12 கேயும் 10 கேயும் சீரிஸாகப் போட்டு, நடுப்புள்ளியை ஏடிசிக்குக் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் 22 கே. அதையே ஒரு லோடு என்று நினைக்கவில்லை.

ஓம்விதி:
இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பாட்டின் வெளிப்பக்க ரெசிஸ்டன்ஸ் நடுவில்தான் அதிகம், மொத்தத்தில் கால் பங்கு. அதனால் பிழையும் நடுவில்தான் அதிகம், முனைகளை நோக்கிப் போகப் போகக் குறையும். நடுவில் 0.51 பிழை என்றால் அதுதான் உங்கள் உச்சப் பிழை. நடுவைச் சரி பண்ணிவிட்டால் மற்ற இடத்தில் கவலை இல்லை.

பழையசால்டர்:
ஓம்விதி, பாதி சரி. ரெசிஸ்டன்ஸ் நடுவில்தான் அதிகம், அதில் சண்டை இல்லை. ஆனால் விழுகிற வோல்ட் என்பது ரெசிஸ்டன்ஸ் பெருக்கல் கரண்ட். வைப்பர் மேலே போகப் போக வோல்ட் ஏறுகிறது, அதனால் லோடு இழுக்கும் கரண்டும் ஏறுகிறது. நடுவைத் தாண்டிய உடனே ரெசிஸ்டன்ஸ் மெதுவாகத்தான் குறையும், கரண்டோ வேகமாக ஏறும். எனவே உச்சம் நடுவில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. லோடு பாட்டைவிட நிறையப் பெரிதாக இருந்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வரும்.

```
V = Vs * x / (1 + x*(1-x)*Rp/RL)
```

x என்பது கீழிருந்து வைப்பர் எவ்வளவு தூரம் என்ற பின்னம். தம்பி, பேச்சு எதற்கு, அளந்தே பாருங்கள். போர்டைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் 6.67 காட்டும் இடத்தில் ஸ்லைடரை வையுங்கள், அதை அசைக்காமல் போர்டை மாட்டுங்கள். 6.06 பக்கம் வர வேண்டும். அதேபோல் 3.33இல் வைத்தும் செய்யுங்கள், அங்கே 3.03 வரும்.

நகரும்முள்:
செய்துவிட்டேன். முதல் தடவை போர்டை மாட்டும்போது கை பட்டு ஸ்லைடர் நகர்ந்துவிட்டது, அப்புறம் டேப் ஒட்டி நிறுத்திச் செய்தேன். 6.67 இருந்தது 6.05 ஆனது. 3.33 இருந்தது 3.03 ஆனது. மேலே 0.62 குறைகிறது, கீழே வெறும் 0.30. நடுவின் 0.51ஐவிட மேலே அதிகம்தான்.

ஓம்விதி:
சரி, வோல்ட் கணக்கில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னதும் தப்பு இல்லை. நடுவில் 5க்கு 0.51, அதாவது 10.2 சதவீதம். மூன்றில் இரண்டில் 6.67க்கு 0.62, அது 9.3 சதவீதம்தான். காட்ட வேண்டிய அளவுக்கு எத்தனை சதவீதம் குறைகிறது என்று கேட்டால் நடுதான் மோசம்.

பழையசால்டர்:
அப்படிச் சொன்னால் சரி. முழு ஸ்கேலில் எத்தனை சதவீதம் என்று எழுதுகிறவருக்கு மூன்றில் இரண்டு, ரீடிங்கில் எத்தனை சதவீதம் என்று எழுதுகிறவருக்கு நடு. இவருக்கு எது வேண்டும் என்று பாருங்கள். ஸ்லைடர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதுதானே இவர் கேள்வி? முழு ஓட்டம் 100 மில்லிமீட்டர் என்றால் 0.62 வோல்ட் என்பது 6 மில்லிமீட்டருக்கு மேல் தப்பு. அதனால் இங்கே என் கணக்குத்தான் பயன்படும். உங்கள் பேச்சை நம்பி நடுவை மட்டும் சரி பண்ணியிருந்தால் மேலே தப்பு தங்கியிருக்கும்.

சுழலி:
இதே பிரச்சினை எனக்கும்! 12 வோல்ட்டுக்கு 1 கே பாட் போட்டு வைப்பரிலிருந்து சின்ன மோட்டாருக்குக் கொடுத்தேன், நடுவில் வைத்தால் அசையவே இல்லை. மேல்முனைக்குக் கொஞ்சம் கீழே கொண்டுபோனதும் ஓடத் தொடங்கியது, ஒரு நிமிடத்தில் பாட்டிலிருந்து புகை. பெரிய பாட் வாங்கினால் சரியாகுமா?

பழையசால்டர்:
சுழலி, வேரில் அதே விஷயம்தான், ஆனால் உங்களுக்கு அது பிழை இல்லை, விபத்து. மோட்டார் சில பத்து ஓம் லோடு. அதற்கு முன்னால் 1 கே பாட்டின் நடுவில் 250 ஓம் நிற்கிறது, வோல்ட் முழுக்க அங்கேயே விழுந்துவிடும். மேலே போனதும் மோட்டார் கரண்ட் முழுவதும் டிராக்கின் கடைசித் துண்டு வழியாகவே போகிறது. பாட்டின் மேல் கால் வாட் என்று போட்டிருந்தால் அது முழு டிராக்குக்கும் சேர்த்து. 1 கேக்கு அது சுமார் 16 மில்லி ஆம்ப், டிராக்கின் எந்தத் துண்டும் அதற்கு மேல் தாங்காது. கேயில் பெரிய பாட் வாங்கினால் இன்னும் மோசம். மோட்டாரைப் பிடபிள்யூஎம்மில் ஓட்டுங்கள், தனி இழை தொடங்குங்கள், இங்கே குழப்ப வேண்டாம்.

பிட்பைட்:
இவ்வளவு பேச்சு எதற்கு? சூத்திரம் தெரியும், லோடு தெரியும். புரோகிராமில் திருப்பிப் போட்டால் முடிந்தது. ஒரு காசு செலவில்லை.

```
k = Rp / RL          # 10/22
v = V / Vs
x = (v*k - 1 + sqrt((1 - v*k)**2 + 4*v*v*k)) / (2*v*k)
```

v சுழியமாக இருந்தால் மட்டும் x சுழியம் என்று தனியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் வகுத்தலில் மாட்டும். 0.449 கொடுத்தால் 0.500 வருகிறது, சரிபார்த்தேன்.

பழையசால்டர்:
கணக்கு சரி, k மாறாமல் இருந்தால். கார்பன் பாட்டின் மொத்த மதிப்பு 20 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். நாளைக்கு இந்தப் பாட் தேய்ந்து புதிது போடுகிறார், அது 12 கே என்று வையுங்கள். லோடு இல்லாதவரை பிரச்சினை இல்லை, பாட் 12 ஆனாலும் 8 ஆனாலும் நடு என்றால் பாதிதான். லோடு மாட்டினால் நடுவில் 4.40 வரும். உங்கள் புரோகிராம் பழைய k வைத்து 49.0 என்று சொல்லும். பாட்டை மாற்றும்போதெல்லாம் மீட்டர் வைத்து k திருத்த வேண்டும், அதை யார் நினைவில் வைத்திருப்பார்?

பிட்பைட்:
ஒரு மில்லிமீட்டர்! 6 மில்லிமீட்டரிலிருந்து 1க்கு வந்தாச்சு. விரல் நுனி அகலம்கூட இல்லை. அவர் என்ன ராக்கெட்டா விடுகிறார்?

ஓம்விதி:
நடுவில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் போடுங்கள், எல்லாம் தீர்ந்தது.

பழையசால்டர்:
போடலாம், நானும் அதையே செய்வேன். ஆனால் கையில் கிடைக்கிற எல்.எம்.358ஐ அதே 10 வோல்ட்டில் ஓட்டினால் அவுட்புட் எட்டரைக்கு மேல் ஏறாது, மேலே 15 மில்லிமீட்டர் செத்துப்போகும். அதை 12 வோல்ட்டில் ஓட்டினாலும் விளிம்பில்தான் நிற்கும். சப்ளை வரை ஏறும் வகையாக வாங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி, தம்பி. 12 கே, 10 கேக்குப் பதிலாக 120 கே, 100 கே போட்டுப் பாருங்களேன். லோடு 220 கே ஆகிவிடும், உச்சப் பிழை 0.07 வோல்ட்டுக்குள் வரும்.

பிட்பைட்:
அங்கேதான் மாட்டினீர்கள். ஏடிசி பக்கமிருந்து பார்த்தால் இப்போது 55 கே. ஏடிசி ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு சின்னக் கெப்பாசிட்டரை நிரப்புகிறது, 55 கே வழியாக அது நிரம்புவதற்குள் எடுத்துவிட்டால் ரீடிங் தள்ளாடும். பெரும்பாலான சின்னக் கன்ட்ரோலர்கள் 10 கேக்குள் இருக்கச் சொல்கின்றன. லோடிங் பிழையை ஒரு வீட்டிலிருந்து துரத்தி அடுத்த வீட்டில் குடிவைக்கிறீர்கள்.

பழையசால்டர்:
ஏடிசி காலில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கிரவுண்டுக்கு. கையால் நகர்த்தும் ஸ்லைடருக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது, சாம்பிள் எடுக்கும்போது தேவையான சார்ஜை அதுவே கொடுத்துவிடும். வேகமாக மாறும் சிக்னலுக்கு இது உதவாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நகரும்முள்:
120, 100 கையில் இருக்கிறது, இன்று இரவு மாற்றிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: பாட்டுக்கே 5 வோல்ட் கொடுத்துவிட்டால் அந்த இரண்டு ரெசிஸ்டரே வேண்டாமே?

பழையசால்டர்:
அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்! ஏடிசி எந்த 5 வோல்ட்டை ஒப்பிட்டு அளக்கிறதோ அதே 5ஐ பாட்டுக்கும் கொடுத்தால் சப்ளை ஏறி இறங்கினாலும் ரீடிங் மாறாது. பிறகு ஏன் 10 வோல்ட் கொடுத்தீர்கள்?

நகரும்முள்:
அதே வைப்பரிலிருந்து இன்னொரு பழைய மீட்டருக்கும் ஒயர் போகிறது அண்ணா, அது 10 வோல்ட் ஸ்கேல். 4.49 அளந்தபோது அதை மாட்டவில்லை.

ஓம்விதி:
அப்போது அதன் இன்புட் எவ்வளவு?

நகரும்முள்:
பார்க்கவில்லை. முள் மீட்டர்.

பழையசால்டர்:
அதுவும் ஒரு லோடுதான். அதை மட்டும் மாட்டி, நடுவில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை பிட்பைட் சொல்கிற k எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.