நம்பர் மாறின அறிவித்தலைத் திருத்தி எழுத உதவி தேவை, அவசரம்

தையல்கடை_வெள்ளவத்தை:
போன கிழமை அறிவித்தல் அனுப்பினன். பாதிப்பேர் இன்னும் பழைய நம்பருக்கே எடுக்கினம், சிலர் "இது ஆர்?" எண்டு கேக்கினம். அனுப்பினது இதுதான்:

"இதுவரை பாவித்த 077*31 எனும் இலக்கம் மாற்றப்பட்டு இனிமேல் 076*48 எனும் இலக்கம் பாவனைக்கு வருகிறது என்பதை அறியத்தருகிறோம்."

கொட்டாஞ்சேனை_குமரன்:
எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா? எந்த நம்பரில இருந்து? பழைய சிம் வேலை செய்யுதா?

பம்பலப்பிட்டி_பழையவர்:
இதெல்லாம் முதலே எழுதவேண்டிய விசயம் தங்கச்சி. செய்தியில உங்கட பேரே இல்லை, பிறகு "ஆர்" எண்டு கேக்காமல் என்ன செய்வினம்?

தையல்கடை_வெள்ளவத்தை:
புது நம்பரில புதுசாத் திறந்த வாட்ஸ்அப்பில இருந்து புரோட்காஸ்ட். சிலருக்குத் தனித்தனியா. பழைய சிம்மும் பழைய வாட்ஸ்அப்பும் மற்ற போனில இருக்கு.

மாலதி_தெகிவளை:
அப்ப காரணம் அதுதான். புரோட்காஸ்ட், அனுப்புற நம்பரைச் சேமிச்சு வைச்சிருக்கிறவைக்கு மட்டும்தான் போய்ச் சேரும். புது நம்பரை ஒருத்தரும் சேமிக்கேல்லையே. பழைய வாட்ஸ்அப்பில இருந்து அனுப்புங்கோ, ஒரு பட்டியலுக்கு 256 பேர்.

ரெண்டாவது, முதல்ல கண்ணில படுறது பழைய நம்பர். அவசரத்தில அதைத்தான் தட்டுவினம். பழையதை முழுசா எழுதவேண்டாம், கடைசி ரெண்டு இலக்கம் போதும். புதுசைத் தனி வரியில, இடைவெளி விடாமல், +94 ஓட போடுங்கோ. வெளிநாட்டில இருக்கிறவையும் அப்பிடியே தட்டி எடுக்கலாம்.

"தையல்கடை அக்கா, வெள்ளவத்தை.
புது நம்பர்:
+9476*48
31இல முடியிற பழைய நம்பரை அழிச்சுப்போட்டு இதைச் சேமியுங்கோ. சந்தேகமெண்டா பழையதுக்கு எடுத்துக் கேளுங்கோ, மாத முடிவு வரை வேலை செய்யும்."

கடைசி வரியை விடாதேங்கோ. "நம்பர் மாத்திட்டன்" எண்டு சொல்லிக் காசு கேட்டு ஏமாத்திறவை இருக்கினம்.

சிவா_மருதானை:
வங்கியில நம்பர் மாத்தாமல் சிம்மை நிப்பாட்டினா ஓடிபி வராது, எனக்கு அப்பிடித்தான் நடந்தது.

பம்பலப்பிட்டி_பழையவர்:
அவ கேட்டது அதில்லை. வாட்ஸ்அப் இல்லாதவைக்கு எஸ்எம்எஸ்தான் போகோணும், அதை ஆங்கில எழுத்திலதான் எழுதோணும். தமிழில 70 எழுத்தோட ஒரு எஸ்எம்எஸ் முடிஞ்சிடும், ஆங்கிலத்தில 160.

கொட்டாஞ்சேனை_குமரன்:
ஆங்கில எழுத்துத் தெரியாத அம்மாமாருக்கு 160 இருந்து என்ன பயன்? நீளமானால் ரெண்டு எஸ்எம்எஸ் காசு, அவ்வளவுதான்.

மாலதி_தெகிவளை:
எண்ணிக்கை சரி, ஆனா "கொ" எண்டதுக்கு ரெண்டு இடம் போகும், அதால நாங்கள் எண்ணுறதைவிட முந்தி முடியும். எஸ்எம்எஸ்ஸில பேரும் நம்பரும் "பழையதை அழியுங்கோ"வும் மட்டும் வையுங்கோ, தமிழிலேயே 70க்குள்ள அடங்கும்.

பம்பலப்பிட்டி_பழையவர்:
பழைய பட்டன் போன்களில தமிழ் வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும்.

தையல்கடை_வெள்ளவத்தை:
பழைய வாட்ஸ்அப்பில இருந்து அனுப்பிட்டன், மாலதி அக்கா நன்றி. நிறையப்பேர் "சேமிச்சிட்டன்" எண்டு பதில் போட்டிருக்கினம். ஒரு அம்மா மட்டும் ரெண்டு நம்பரையும் வைச்சிருக்கிறாவாம்.