சைலன்ஸ் கட் பண்ணப் போய் தாத்தா சொன்ன "இல்ல" போய்விட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பண்ருட்டிக்காரன்:
தானே புயலில் எங்கள் பலாத்தோப்பு போன கதையைத் தாத்தா சொல்லச் சொல்ல 1 மணி 50 நிமிடம் பதிவு செய்தேன். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் மூன்று விநாடி யோசிப்பார், அதனால் ffmpeg-ல் -30dB-க்குக் கீழே அரை விநாடி இருந்தால் மௌனம், வெட்டு என்று எங்கேயோ பார்த்த அளவைப் போட்டு ஓடவிட்டேன், 1 மணி 8 நிமிடமாகச் சுருங்கியது, கேட்கவும் விறுவிறுப்பாக இருந்தது. பொங்கலுக்குக் குடும்பம் மொத்தமும் கூடியிருந்தபோது கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். புயலுக்குப் பிறகு சின்னத் தாத்தா தன் பங்கை விற்ற இடம் வந்தது. "அவன்மேல எனக்குக் கோவம்" என்று சொல்லி, மூச்சுகூட விடாமல் "நாப்பது மரம் விழுந்துச்சு" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். சின்னத் தாத்தா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசாமல் எழுந்து செருப்பைத் தேடினார்.

அசல் பதிவில் "கோவம் இல்ல" என்றுதான் இருக்கிறது. இறங்கிய குரலில் ஒரு "இல்ல", அப்புறம் நீண்ட மௌனம். அந்த "இல்ல"வையும் மௌனம் என்றே எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டது. சின்னத் தாத்தாவிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

உப்பளம் 605:
-30 எனக்கு எப்போதுமே சரியாக வரும். நீங்கள் முதலில் நார்மலைஸ் பண்ணியிருக்க மாட்டீர்கள். சத்தத்தை மேலே ஏற்றிவிட்டு -30 போட்டால் எல்லாப் பதிவுக்கும் ஒரே அளவு போதும். நான் பாட்டு வகுப்புப் பதிவுகளை மூன்று வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

முத்தியால்பேட்டை ஒலி:
உப்பளம் அண்ணே, பாதி சரி. நார்மலைஸ் பண்ணினால் பேச்சு 6 டெசிபல் ஏறும், ஃபேன் சத்தமும் அதே 6 ஏறும், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறாது. பேச்சையும் மௌனத்தையும் பிரிக்கும் கோட்டை எத்தனை டெசிபலில் போடுவது என்பதை முடிவு செய்வது அந்த இடைவெளிதான். உங்கள் வகுப்பில் ஒரே அறை, ஒரே மைக், ஓங்கிப் பாடும் பிள்ளைகள், அதனால் தப்பித்தீர்கள்.

எனக்கும் ஒரு சூடு இருக்கிறது. ஒரு கோயில் சொற்பொழிவில் இரண்டு மணி நேரமும் வாக்கியக் கடைசிகளை மென்று கொடுத்துவிட்டேன், காசும் வரவில்லை. நம் பேச்சில் ஆமா, இல்லையா, வந்தானா, வரலையா எல்லாமே வாக்கியத்தின் வாலில்தான் உட்கார்ந்திருக்கிறது, குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். வால் மெலிந்து, பின்னாலேயே மௌனம் வந்தால் மென்பொருளுக்கு இரண்டும் ஒரே நீளமான மௌனம்.

பண்ருட்டித் தம்பி, யாரும் பேசாமல் ஃபேன் மட்டும் ஓடுகிற ஒரு பத்து விநாடியைக் கண்டுபிடித்து இதை ஓட்டுங்கள் (95 இருக்கும் இடத்தில் உங்கள் விநாடியைப் போடுங்கள்):

```
ffmpeg -ss 95 -t 10 -i thatha.wav -af "highpass=f=100,volumedetect" -f null -
```

அதில் mean_volume-ஐப் பார்க்காதீர்கள், max_volume-ஐப் பாருங்கள். மௌனத்தைக் கண்டுபிடிக்கும் silencedetect சராசரி எடுப்பதில்லை, ஒரே ஒரு சாம்பிள் கோட்டைத் தாண்டினாலும் மௌனம் முடிந்தது என்று கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கும். அப்புறம் அந்த "இல்ல" வரும் அரை விநாடிக்கும் இதையே, -t 10-ஐ -t 0.5 ஆக்கி ஓட்டுங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உங்கள் கோடு.

பண்ருட்டிக்காரன்:
ஓட்டினேன் அண்ணே. ஃபேன் மட்டும் -46. "இல்ல" -36. highpass எடுத்துவிட்டுப் பார்த்தால் ஃபேன் -39 வரை வருகிறது.

முத்தியால்பேட்டை ஒலி:
பார்த்தீர்களா, -30 போட்டால் அந்த வார்த்தை முழுதாகக் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. வடிகட்டாமல் இருந்தால் இடைவெளி மூன்றுதான், எங்கே போட்டாலும் வம்பு. ஃபேனின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, highpass போட்டு அதை எடுத்தால் பத்து கிடைக்கிறது. -42 போடுங்கள், ஃபேனுக்கு நான்கு மேலே, வார்த்தைக்கு ஆறு கீழே. வடிகட்டுவது கண்டுபிடிக்க மட்டும், வெட்டுவது அசல் கோப்பில்.

```
ffmpeg -i thatha.wav -af "highpass=f=100,silencedetect=noise=-42dB:d=1.5" -f null -
```

இடைவெளி ஐந்து ஆறுக்குக் கீழே வந்தால் நான் தானாக வெட்ட விடுவதே இல்லை. கோடு தாழ்வாக இருந்தால் சில மௌனம் வெட்டுப்படாமல் தங்கும், அவ்வளவுதான். உயரமாக இருந்தால் பேச்சு போகும்.

லாஸ்பேட்டை டீச்சர்:
எனக்கும் இதே கஷ்டம். பத்தாம் வகுப்பு வடிவியல் பாடத்தை வீடியோ எடுத்தேன், மௌனத்தை வெட்டச் சொன்னதும் நான் பேசாமல் பலகையில் வட்டம் போட்டது, தொடுகோடு வரைந்தது எல்லாம் போய்விட்டது. சாக்பீஸ் கையில் எடுக்கிறேன், அடுத்த நொடி படம் முழுசாக இருக்கிறது. பிள்ளைகள் "மிஸ், மேஜிக்கா" என்கிறார்கள். இதற்கு எத்தனை டெசிபல் போட வேண்டும்?

முத்தியால்பேட்டை ஒலி:
டீச்சர், உங்களுடையது டெசிபல் விஷயமே இல்லை. காதுக்கு மௌனம், கண்ணுக்குப் பாடம். வரையும் இடங்களை வெட்டாமல் வேகத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

உப்பளம் 605:
கோட்டைத் தொடாமலே வழி இருக்கிறது. வெட்டும்போது இரண்டு பக்கமும் 0.4 விநாடி விட்டு வெட்டினால் அந்த "இல்ல" தப்பியிருக்கும்.

பண்ருட்டிக்காரன்:
இல்லை அண்ணே, பார்த்துவிட்டேன். -30-ல் `silence_start: 2471.38` என்று வருகிறது, -42-ல் 2471.94. வார்த்தை இந்த அரை விநாடிக்குள்தான் இருக்கிறது. 0.4 விட்டிருந்தால் "இல்" வரை வந்து நின்றிருக்கும்.

உப்பளம் 605:
அப்போ 0.6 விட்டிருக்கலாம். நான் சொன்னது தப்பில்லை.

ஓ.டி. துறைமுகம்:
இரண்டு பேரும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் கடலூர் ஓ.டி.யில் ஒரு பழைய படகு மேஸ்திரியிடம் மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். முதல் முக்கால் மணியில் ஃபேன், அப்புறம் கரண்ட் போனது, கடைசியில் தகரக் கூரையில் மழை. ஃபேனுக்கு அளந்த கோடு மழைக்கு எடுபடவில்லை, அந்தப் பகுதியில் ஒரு மௌனம்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கரண்ட் போனபோது அவர் குரலைத் தணித்துக் கிட்டே வந்து பேசியிருக்கிறார், ஃபேன் இல்லாத அந்தப் பகுதியில் இன்னும் கீழே கோடு போட்டிருக்கலாம், போடாததால் பாதிப் பேச்சு காலி. எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா, வெட்டி எறிந்த துண்டுகளை எல்லாம் ஒட்டி ஒரு கோப்பாக்கிக் கேட்டேன். வெறும் மௌனம் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் மேஸ்திரி ரகசியம் பேசுகிறார். இப்போது வெட்டி முடித்த பதிவைக் கேட்பதில்லை, எறிந்ததைத்தான் கேட்கிறேன், நேரமும் குறைவு. பதிவை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாக அளந்தேன். மழைப் பகுதியைக் கையால்தான் வெட்டினேன், இரண்டு ராத்திரி போனது.

பண்ருட்டிக்காரன்:
எறிந்ததைக் கேட்டேன். -30-ல் போட்டதில் 14 இடத்தில் குரல் இருக்கிறது, பெரும்பாலும் வாக்கிய வால்கள். -42, 1.5 விநாடி போட்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு வெட்டியதில் ஒரே இடம், அதுவும் பேச்சு இல்லை, ஒரு பெருமூச்சு. மொத்தம் 1 மணி 31 நிமிடம் வருகிறது. பெருமூச்சைத் திரும்ப வைத்துவிட்டேன். "கோவம் இல்ல" வரும் துண்டை மட்டும் சின்னத் தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது.

லாஸ்பேட்டை டீச்சர்:
தம்பி, நேரில் போய்ப் போட்டுக் காட்டுங்கள், போனில் அந்த "இல்ல" அவருக்குக் கேட்டிருக்காது. சரி, முத்தியால்பேட்டை சார், நான் வரையும் இடம் எது, சும்மா நிற்கும் இடம் எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?