கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் பிஎஸ்2 கேம் இழுக்கிறதா? எங்கள் அனுபவங்கள்

பழைய கேசட்

என் லேப்டாப்பில் இருப்பது i5-8250U பிராசசர், 8 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் பிஎஸ்2 கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் PCSX2 என்ற எமுலேட்டரைப் போட்டு, என்னிடம் இருக்கும் Shadow of the Colossus டிஸ்க்கை ஓட்டிப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் அருமை. அப்புறம் குதிரை சேற்றில் ஓடுவது போல ஆனது, இசையும் இழுபட்டது. வேகம் 70 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

எல்லோரையும் போல நானும் கிராபிக்ஸ்தான் காரணம் என்று நினைத்தேன். படத்தின் அளவை மூன்று மடங்கிலிருந்து பிஎஸ்2-வின் சொந்த அளவுக்கே இறக்கினேன். படம் மங்கியதே தவிர, வேகம் 70-லேயே நின்றது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கார்டு திணறியிருந்தால் அளவைக் குறைத்த உடனே கொஞ்சமாவது மூச்சு விட்டிருக்கும் இல்லையா?

திரையின் மூலையில் பயன்பாட்டு அளவைக் காட்டச் சொன்னேன். EE என்ற வரி 98-லேயே ஒட்டிக்கொண்டிருந்தது. படம் வரையும் வேலையைக் காட்டும் GS முப்பதைத் தாண்டவில்லை.

கேம்பிரியன் 90

ப்ரோ, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஒரு 4 ஜிபி கார்டு உள்ள மெஷின் வாங்குங்கள், முடிந்தது. நான் கார்டு மாற்றிய அன்றே இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்குக்குப் போனேன். அதே வேகம், படம் கண்ணாடி மாதிரி.

வயர்மேன்

தம்பி சொல்வது பாதி சரி. அவருடைய பிராசசர் ஏற்கெனவே முழு வேகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் புது கார்டின் பலம் முழுக்கப் படத்தின் அளவுக்குப் போனது. "அதே வேகம்" என்று அவரே எழுதியிருக்கிறார், பாருங்கள். பழைய கேசட்டின் பிரச்சினை வேறு.

பிஎஸ்2-வின் முக்கிய பிராசசருக்கு எமோஷன் எஞ்சின் என்று பெயர். திரையில் தெரியும் EE அதுதான். அதன் வேகம் 294 மெகாஹெர்ட்ஸ்தான். "3 கிகாஹெர்ட்ஸ் மெஷினுக்கு இது ஜுஜுபி ஆயிற்றே" என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். ஆனால் அதன் கட்டளை ஒவ்வொன்றையும் நம் பிராசசருக்குப் புரிகிற கட்டளையாக மாற்ற வேண்டும், பக்கத்தில் இருக்கும் கணக்குப் போடும் துணைப் பிரிவுகளான VU0, VU1 ஆகியவற்றோடு நேரம் தவறாமல் ஓட்டவும் வேண்டும். ஒரு கட்டளையின் விடை வந்தால்தான் அடுத்தது நகரும். இதை எட்டு கோருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது. ஒரே ஆள் செய்ய வேண்டிய வேலை, அந்த ஒரு ஆளுக்கு எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. GS வேலையைத் தனியாகப் பிரிக்கலாம், MTVU என்ற அமைப்பைப் போட்டால் VU1-ஐயும் பிரிக்கலாம். மூன்று கோர் உழைக்கும், மிச்சம் வேடிக்கை பார்க்கும்.

எட்டு கோர் FX-8350 வைத்து நான் இரண்டு வருடம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது இருப்பது நாலே கோர் கொண்ட i3-12100. பழையதை அசால்ட்டாகத் தாண்டுகிறது.

கேசட் தம்பி, ஒரு கேள்வி. முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது என்றீர்களே, அப்போது கிளாக் எவ்வளவு, இழுக்கும்போது எவ்வளவு? டாஸ்க் மேனேஜரில் பார்த்துச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை ராஜா

நான் எஸ்எஸ்டி போட்டேன், எல்லாம் பறக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை முதலில் மாற்றுங்கள்.

வயர்மேன்

ராஜா சார், விண்டோஸ் பறக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிஎஸ்2-வின் டிவிடி டிரைவே நொடிக்கு ஐந்து எம்பி சொச்சம்தான் படிக்கும். எந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதற்குப் போதும்.

பழைய கேசட்

பார்த்துவிட்டேன் அண்ணா. ஆரம்பத்தில் 3.3, 3.4. ஆறாவது நிமிடம் 2.1. கீபோர்டில் கை வைக்க முடியவில்லை. எங்கள் மாடி அறையில் ஏசி கிடையாது, வெயில் வேறு.

வயர்மேன்

அப்புறம் என்ன, அதுதான் விஷயம். அது 15 வாட்டுக்கென்று செய்த பிராசசர். 3.4 என்பது கொஞ்ச நேர ஓட்டத்துக்கான வேகம். சூடு ஏறினால் தானே இறங்கிவிடும். நீங்கள் 3.4 பார்த்து வாங்கினீர்கள், கேம் ஓடுவது 2.1-ல். எமுலேட்டருக்காக லேப்டாப் பார்ப்பவர்கள் அரை மணி நேரம் ஓடிய பிறகு எந்த வேகத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஃபேனைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டு விளையாடுங்கள்.

செல்வி டீச்சர்

எனக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. என்னதான் செய்தாலும் 50-ஐத் தாண்டுவதில்லை. என் தம்பி வீட்டில் அதே கேம் 60 காட்டுகிறது. என் மெஷின் அவனுடையதைவிடப் புதியது! கார்டு பழுதா?

வயர்மேன்

டீச்சர், எஃப்பிஎஸ்ஸை விடுங்கள், பக்கத்தில் சதவீதம் எவ்வளவு? உங்கள் டிஸ்க்கின் எண் SLES என்று தொடங்குகிறதா?

செல்வி டீச்சர்

100 சதவீதம். ஆமாம், SLES. தம்பியுடையது SLUS.

வயர்மேன்

பழுதெல்லாம் இல்லை. உங்களுடையது ஐரோப்பியப் பதிப்பான PAL டிஸ்க், 50-தான் அதன் முழு வேகம். தம்பியுடையது அமெரிக்கப் பதிப்பு.

தூசி தட்டுபவன்

என் கதையையும் கேளுங்கள், யாராவது காசை மிச்சம் பிடிக்கட்டும். பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் Q6600 போட்ட டெஸ்க்டாப் வாங்கினேன். "நாலு கோர், எது வேண்டுமானாலும் ஓடும்" என்றார்கள். நம்பி, தனியாக ஒரு 1050 Ti கார்டும் வாங்கிச் செருகினேன். இப்போதைய PCSX2 திறக்கவே இல்லை. பிராசசரில் SSE4.1 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை என்று ஒரு செய்தி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. பழைய பதிப்பு திறந்தது, ஆனால் கேம் 45 சதவீதம். கார்டு ஃபேன் சுற்றக்கூட யோசிக்கிறது, அவ்வளவு ஓய்வு. வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பழைய கேசட்

ஃபேனைப் பிரித்தேன். உள்ளே பஞ்சு மெத்தையே இருந்தது. பேஸ்ட் மாற்றி, பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கி வைத்தேன். இப்போது 2.8-ல் நிற்கிறது. மைதானத்தில் 100, பெரிய பூதம் வந்தால் 85. படத்தை இரண்டு மடங்கு வைத்தாலும் அதே 85-தான். அதனால் இரண்டிலேயே விட்டுவிட்டேன்.

EE Cycle Rate-ஐ ஒரு படி குறைத்தால் பூதம் வரும்போதும் 100 காட்டுகிறது. ஆனால் ஏதோ தட்டுத் தட்டி நகர்கிற மாதிரி தெரிகிறது. என் கண்ணா, நிஜமா?

வயர்மேன்

நிஜம்தான். அந்த அமைப்பு, கேம் நம்பியிருக்கும் பிஎஸ்2-வையே மெதுவானதாக ஆக்குகிறது. எமுலேட்டர் சரியான நேரத்துக்கு ஓடுவதால் 100 காட்டும், உள்ளே கேம் படங்களை விட்டுவிட்டு வரையும். என்னைக் கேட்டால் அது மீட்டரைத் திருப்பி வைக்கிற வேலை.

கேம்பிரியன் 90

அண்ணே, இந்தக் கேம் நிஜ பிஎஸ்2-விலேயே தட்டுத் தட்டித்தானே ஓடும்? நான் டிவியில் விளையாடியிருக்கிறேன். பூதம் திரும்பினால் நின்று நின்றுதான் வரும். அப்படிப் பார்த்தால் எது "முழு வேகம்"?

வயர்மேன்

அது நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இசை இழுக்காது. 85 சதவீதத்தில் இழுக்கும்.

பழைய கேசட்

இசை இழுக்காமல் இருந்தால் எனக்குப் போதும் அண்ணா. குறைத்தே வைத்துக்கொள்கிறேன், திட்டாதீர்கள். தூசி தட்டுபவரே, அந்த 1050 Ti-ஐ விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். i3-12100 டெஸ்க்டாப் போடும்போது அதற்கு வேலை இருக்கும்.