ஓபிவி டைவர்ஜென்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்:
கிரிப்டோ கையேட்டைத் தமிழாக்கும்போது ஓபிவி டைவர்ஜென்ஸ் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஓபிவி என்பது ஆன் பேலன்ஸ் வால்யூம்: விலை ஏறிய நாளின் வர்த்தக அளவைக் கூட்டி, இறங்கிய நாளின் அளவைக் கழித்துக்கொண்டே போகும் தொடர் கணக்கு. காயினின் விலை புது உச்சம் தொடுகிறது, ஓபிவி கோடு தன் பழைய உச்சத்தை எட்டவில்லை. வாங்க ஆள் குறைகிறது என்பதற்கு முன்கூட்டிய அறிகுறி. ‘எதிர்ப்போக்கு’ என்று போடலாமா?

சேகர்:
தாராளமாக. விலை ஏறும்போது ஓபிவி இறங்கும், அதுதானே விஷயம்? ஓபிவியை ‘கொள்ளளவு இருப்பு’ என்றே வைத்துவிடுங்கள்.

முத்தையா:
சேகர் தம்பி, கோடு இறங்கியே ஆகவேண்டும் என்றில்லை. விலை 120-ல் முடிந்த நாளில் ஓபிவி 5,000 என்று வையுங்கள். அடுத்த இரண்டு நாள் இறக்கம்: 117, 114. கைமாறிய காயின்கள் 800, 700. இறங்கிய நாள் என்றால் அன்றைய வர்த்தக அளவு முழுவதையும் கழிக்கிறோம், மிச்சம் 3,500. அப்புறம் மூன்று நாள் ஏற்றம்: 118, 121, 123. கைமாறியவை 400, 350, 300. கூட்டினால் 4,550. விலை 120-ஐத் தாண்டிவிட்டது, ஓபிவி 5,000-க்குக் கீழேயே நிற்கிறது. ஆனால் அந்த மூன்று நாளும் இரண்டு கோடுமே மேலேதான் போயின! உச்சத்துக்கு உச்சம் வைத்துப் பார்த்தால்தான் பிசகு தெரியும். அதனால் ‘உச்சப் பிணக்கு’ என்பேன்.

கொள்ளளவு பாத்திரத்துக்கு உரியது. இருப்பு என்றால் வாலட்டில் உள்ள காசு என்று படிப்பார்கள்.

கயல், ‘ஆள் குறைகிறது’ என்பதையும் மாற்றுங்கள். ஒவ்வொரு வர்த்தகத்திலும் வாங்குபவர் ஒருவர் உண்டு. ஏற்ற நாட்களில் கைமாறுவது மெலிகிறது என்பதுதான் கணக்கு காட்டுவது.

ரம்யா:
என் சார்ட்டில் ஓபிவி மைனஸில் இருக்கிறதே, விற்றுவிடலாமா? போன மாதம் இதே பிணக்கைப் பார்த்துதான் விற்றேன். அதற்குப் பிறகும் விலை பத்து நாள் ஏறியது.

முத்தையா:
மைனஸுக்குப் பொருளே இல்லை அம்மா. கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்பதைப் பொறுத்து எண் மாறும். முதல் உச்சத்தின்போது உங்கள் எக்ஸ்சேஞ்சில் கட்டணச் சலுகை ஏதும் ஓடியதா?

ரம்யா:
ஆமாம், ஒரு வாரம் கட்டணமே இல்லை!

முத்தையா:
அப்படியென்றால் முதல் உச்சம்தான் ஊதிப்போயிருக்கும். சலுகை முடிந்ததும் அளவு சுருங்க, பொய்ப் பிணக்கு. அதே காயினை வேறு இரண்டு எக்ஸ்சேஞ்ச் சார்ட்டிலும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சேகர்:
கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிணக்கு என்றால் எனக்குக் கணவன் மனைவி ஊடல்தான் ஞாபகம் வருகிறது. ‘அளவுப் பின்தங்கல்’ எப்படி?

கயல்:
உச்சத்துக்குப் பொருந்தும் சேகர். விலை புதுப் பள்ளம் போய், ஓபிவி பழைய பள்ளத்துக்கு மேலேயே நின்றுவிட்டால்? அங்கே பின்தங்குவது எது? இப்போதைக்கு உச்சப் பிணக்கு, அடிப் பிணக்கு என்று வரைவில் போடுகிறேன். ஓபிவி என்பதை அப்படியே விடுகிறேன், அதற்கு யாராவது நல்ல சொல் தந்தால் மாற்றலாம்.