இருள் வினை இரவு வினை அன்று: ஒரு திருப்புதல் அட்டையின் கதை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தனிப்பயிற்சி ஆசிரியை:

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு வீட்டு மாடியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதத் தேர்வில் 12 பேரில் 7 பேர், ஒளிச்சேர்க்கையின் ஒளி வினை பகலிலும் இருள் வினை இரவிலும் நடப்பதாக எழுதியிருந்தார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்தப் பெயரே அவர்களை அங்கே இழுத்துச் செல்கிறது. அன்று மாலை இட்லிப் பானையை மாடிக்கு எடுத்துச் சென்று, பானையைப் பசுங்கணிகமாகவும், அடுக்கிய தட்டுகளைக் கிரானாவாகவும், தட்டுகளைச் சுற்றியுள்ள இடத்தை ஸ்ட்ரோமாவாகவும் காட்டினேன். பிறகு ஒவ்வொருவரையும் ஓர் அட்டையில் இப்படி எழுதச் சொன்னேன்:

"தட்டில் ஒளி விழும், நீர் உடைந்து ஆக்ஸிஜன் வெளியேறும், ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் சேரும். தட்டைச் சுற்றி அவை செலவாகும். கார்பன் டை ஆக்ஸைடு சர்க்கரையாகும்."

இருள் வினை எப்போது நடக்கும் என்பதை இந்த அட்டை சொல்லவில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு மாணவர்:

நானும் இரவு என்றுதான் எழுதியிருந்தேன், மிஸ். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன், இருள் வினைக்கு ஒளி தேவையில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள் என்றும், ஆகவே விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அது ஒரே வேகத்தில் நடக்கும் என்றும் விளக்கினார். அதையே அட்டையின் பின்புறம் எழுதிவைத்திருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்:

தம்பி, உங்கள் அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியை அடித்துவிடுங்கள். இருள் வினையாகிய கால்வின் சுழற்சியின் படிகள் ஒளியை நேரடியாக உறிஞ்சுவதில்லை. ஆனால் ஒளி வினை தயாரித்துத் தரும் ஏடிபி, என்ஏடிபிஹெச் என்ற இரண்டு பொருள்கள் இல்லாமல் அந்தச் சுழற்சி ஓடாது. கால்வினும் அவருடைய குழுவினரும் கார்பன்-14 கொண்டு பாசிகளில் ஆராய்ந்தபோது, விளக்கை அணைத்ததும், கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்தவுடன் உண்டாகும் பிஜிஏ ஏறியது, அதை ஏற்கும் ஆர்யூபிபி இறங்கியது. நான் வகுப்பில் இந்த ஒரு காட்சியை வைத்தே பாடம் முழுவதையும் நடத்தியிருக்கிறேன். மிச்சமிருக்கும் ஆர்யூபிபியை ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்ஸைடுடன் சேர்த்துக்கொண்டே இருப்பதால் பிஜிஏ குவிகிறது. அதைச் சர்க்கரையாக மாற்ற ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் வருவதில்லை. ஆர்யூபிபியைத் திரும்ப உருவாக்கவும் ஏடிபி இல்லை. மாறாக, விளக்கை எரியவிட்டுக் கார்பன் டை ஆக்ஸைடைக் குறைத்தால், ஆர்யூபிபி ஏறும், பிஜிஏ இறங்கும். போதாததற்கு, இந்தச் சுழற்சியின் சில நொதிகளே ஒளியில்தான் முழுமையாகச் செயல்படுகின்றன.

கணக்கையும் இதிலிருந்தே எடுக்கலாம். ஒரு கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்தால் இரண்டு பிஜிஏ உண்டாகும்; அவ்விரண்டுக்கும் தலா ஓர் ஏடிபி, ஓர் என்ஏடிபிஹெச்; ஆர்யூபிபியை மீட்க இன்னும் ஓர் ஏடிபி. ஆக மூன்றும் இரண்டும். ஒரு குளுக்கோஸுக்கு ஆறு முறை என்பதால் 18 ஏடிபி, 12 என்ஏடிபிஹெச். பிள்ளைகள் 18, 12 என்று மனப்பாடம் செய்வதைவிட "மூன்று, இரண்டு, ஆறு முறை" என்று வைத்துக்கொண்டால் தேர்வறையில் எண்கள் இடம் மாறாது.

ராயபுரத்திலிருந்து ஒரு தாய்:

மகளுக்காக இதைப் படிக்கிறேன். எங்கள் பால்கனியில் உள்ள கற்றாழை இரவில்தான் உணவு தயாரிக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அப்படியானால் கற்றாழைக்காவது அந்த ஏழு பேர் எழுதிய விடை சரிதானே?

பெரம்பூர் பேராசிரியர்:

அம்மா, நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கற்றாழை இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து அதை விடுவித்து, அப்போதுதான் சர்க்கரையாக்குகிறது. ஆகவே அதன் இலைச்சாற்றில் புளிப்பு விடியற்காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். இரவில் நடப்பது கொள்முதல், சமையல் அன்று.

எண்ணூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்:

கணக்கில் எனக்கு ஒரு குறை தெரிகிறது, ஐயா. எலக்ட்ரான்கள் நீரிலிருந்து நேர்வழியில் சென்று இரண்டு என்ஏடிபிஹெச் தரும்போது கிடைக்கும் ஏடிபி மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பற்றாக்குறையை, எலக்ட்ரான்கள் சுற்றி வந்து ஏடிபி மட்டும் தரும் சுழல் பாதை ஈடுசெய்கிறது என்பதை அட்டையில் சேர்க்காவிட்டால், சுழல் பாதை எதற்கு என்ற கேள்விக்கு மாணவர்களால் விடை எழுத முடியவில்லை. என் வகுப்பில் அப்படித்தான் நடந்தது.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

சேர்த்தால் அட்டை நீளும், நீண்டால் படிக்கமாட்டார்கள் என்பது என் தயக்கம். இப்போதைக்கு இரண்டாம் வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்: "தட்டைச் சுற்றி, ஒளி இருக்கும்வரை, மூன்றும் இரண்டும் செலவாகும், ஆறு முறை சுற்றினால் ஒரு குளுக்கோஸ்." சுழல் பாதைக்குத் தனி அட்டை போடுவதா என்று வரும் சனிக்கிழமை மாணவர்களிடமே கேட்கப்போகிறேன்.